பேணிக்குள் இருக்கும் இலாபம்

புத்தூரில் வீட்டிலேயே மிளகாய்த்தூள் செய்து விற்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மாதத் தொடக்கத்தில் பேணியில் 5,000 ரூபா இருக்கிறது. சரக்கு எதுவும் இல்லை. விற்பனையில் 60,000 வருகிறது. செத்தல் மிளகாய், மல்லி, அரைப்புக்கூலி, பைகள், ஓட்டோ எல்லாவற்றுக்குமாக 42,000 போகிறது. வீட்டுச் செலவுக்கு 10,000 எடுக்கிறார். மிஞ்சுவது 13,000.

பேணியில் 8,000 தானே கூடியது, அதுதான் இலாபம் என்று தோன்றும். அது பிழை. வீட்டுக்கு எடுத்த 10,000 தொழிற்செலவு அல்ல. இலாபத்திலிருந்து எடுத்த பங்கு. ஆகவே 18,000. மாத முடிவில் 4,000 ரூபாவுக்கு வாங்கிய மிளகாய் அரைக்காமல் கிடந்தால் அதையும் கூட்டுங்கள். உண்மையான இலாபம் 22,000.

இதற்கு ஒரு கொப்பி போதும். திகதி, விபரம், வரவு, செலவு, வீட்டுக்கு எடுத்தது, மீதி என்று கோடு போடுங்கள். கடைக்குக் கடனாகக் கொடுத்ததைக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். இரவில் பேணிக் காசை எண்ணுங்கள்; கொப்பி மீதியைவிடக் குறைந்தால், ஏதோவொரு செலவோ வீட்டுக்கு எடுத்ததோ எழுதப்படாமல் இருக்கலாம்.

வருமான வரியும் விற்பனைத் தொகைக்கு அல்ல, இலாபத்துக்கே. இலங்கையில் வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் வரி விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா; மற்ற வருமானங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டுகளைக் கவனமாக வைத்திருங்கள். இன்றைக்கே பேணிக் காசை எண்ணி, கொப்பியில் முதல் வரியை எழுதிவிடுங்கள்.