வெள்ளீயமா, ஈயமா?

கைப்பேசியில் படமெடுத்த ஒரு மின்வேதியியல் கணக்கு. படத்தில் இரண்டு கண்ணாடிக் குவளைகள். இடப்பக்கக் குவளையில் வெள்ளீயத் தகடு, 1 மோலார் வெள்ளீய அயனிக் கரைசலில் நிற்கிறது. வலப்பக்கக் குவளையில் ஈயத் தகடு. அதைச் சுற்றியுள்ள ஈய அயனியின் செறிவு 0.001 மோலார்தான். கரைசல்களை உப்புப்பாலமும், தகடுகளை வோல்ட்மீட்டர் வழியே செல்லும் கம்பியும் இணைக்கின்றன. எலக்ட்ரான் எந்தத் தகட்டிலிருந்து கிளம்பும், மின்னழுத்தம் எவ்வளவு என்பதே கேள்வி.

அட்டவணையை மட்டும் நம்பினால் விடை தவறிவிடும். வெள்ளீயத்தின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் −0.14 வோல்ட், ஈயத்துக்கு −0.13. எலக்ட்ரான், மின்னழுத்தம் குறைந்த தகட்டிலிருந்து கூடிய தகட்டுக்குப் போகும். அப்படிப் பார்த்தால் வெள்ளீயம் கரைந்து எலக்ட்ரானைத் தர வேண்டும். கலத்தின் மின்னழுத்தம் 0.01 வோல்ட். ஆனால் இந்த எண்கள் இரு கரைசல்களும் 1 மோலாராக இருக்கும்போது மட்டுமே பொருந்துபவை.

செறிவு மாறும்போது என்ன ஆகும் என்பதை ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் சமன்பாடாக எழுதினார். இரண்டு எலக்ட்ரான் கைமாறும் வினையில், 25 டிகிரி செல்சியஸில், அயனிச் செறிவு பத்தில் ஒரு பங்காகும் ஒவ்வொரு முறையும் தகட்டின் மின்னழுத்தம் சுமார் 0.03 வோல்ட் இறங்குகிறது. ஈயத் தகட்டில் சேர வரும் அயனிகள் அருகிவிட்டதால், ஈயம் கரைவது எளிதாகிறது என்பதே இதன் பொருள். 1 மோலார் 0.001 ஆகும்போது இந்த இறக்கம் மூன்று முறை நேர்கிறது. ஆகவே ஈயத்தின் மின்னழுத்தம் −0.13இலிருந்து ஏறத்தாழ −0.22க்குப் போய்விடுகிறது. வெள்ளீயம் −0.14இலேயே நிற்கிறது.

இப்போது தாழ்ந்திருப்பது ஈயம். எலக்ட்ரான் ஈயத் தகட்டிலிருந்து கம்பி வழியே வெள்ளீயத்துக்குப் பாய்கிறது. மின்னழுத்தம் சுமார் 0.08 வோல்ட். ஈயத் தகடு கரைந்து மெலிய, வெள்ளீயத் தகட்டில் உலோகம் படிகிறது. உப்புப்பாலத்தில் நகர்பவை அயனிகள் மட்டுமே. எலக்ட்ரானை அதன் வழியே அனுப்பிக் காட்டும் விடைத்தாள்கள் ஏராளம்.

படத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஈயச் செறிவு 10⁻³ என்று அச்சாகியிருந்தால், அந்தச் சின்னஞ்சிறு அடுக்குக்குறி வெளிச்சம் பட்டு மங்கிவிடக்கூடும். அதை 10⁻¹ என்று படித்தால் மின்னழுத்தம் 0.02 வோல்ட்டாகச் சுருங்கும். எலக்ட்ரானின் திசை மட்டும் மாறாது. வோல்ட்மீட்டரின் நேர்முனையை ஈயத்தோடு இணைத்துப் படம் வரைந்திருந்தால், அளவீடு எதிர்க்குறியுடன் வரும். அது பிழையல்ல, எலக்ட்ரான் ஈயத்திலிருந்து வருகிறது என்று கருவி சொல்லும் விதம் அது.

இந்த ஓட்டமும் நிலைக்காது. ஈய அயனி பெருக, வெள்ளீய அயனி குறைய, மின்னழுத்தம் தேய்கிறது. வெள்ளீய அயனியின் செறிவு ஈய அயனியைப் போல் சுமார் 2.2 மடங்கு என்ற அளவுக்கு வந்ததும் அது பூஜ்யமாகிவிடும். இரு கரைசல்களின் கன அளவும் சமமென்றால், வெள்ளீய அயனி சுமார் 0.69 மோலாரிலும் ஈய அயனி 0.31 மோலாரிலும் இருக்கும்போது எலக்ட்ரான் ஓட்டம் நின்றுபோகும்.