சொல் சுமவாமை

சத்திய அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் மறைவில் கேட்டதை வெளியிடுதலையும் கோள் சொல்லுதலையும் சேர்த்தே வைத்தார், இரத்தினகரண்டக சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திரர். கொண்டுபோன சொல் மெய்யேயாயினும் விரதத்திற்கு அது அழுக்குத்தான்.

போடிநாயக்கனூரில் வாழும் ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். மேலே பூப்பாறைச் சரிவில் அவர்தம் அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனி ஏலத்தோட்டம். காய் உலர்த்தும் கூடம் மட்டும் பொது. பறித்த பச்சைக்காயைக் காக்கவைத்தால் நிறம் கெடும். நிறம் கெட்டால் ஏலத்தில் விலை இறங்கும். எவர் காய் முதலில் உள்ளே செல்வது என்பதில் இருவர்க்கும் பேச்சு அறுந்தது.

"அடுத்த பறிப்பில் என் காய்தான் முதலில் என்று அவனிடம் சொல்லம்மா" என்கிறார் மூத்தவர். அது வேண்டுகோளா, மிரட்டலா? சொல்லைக் கொண்டுபோகலாம், சொன்னவர் முகத்தைக் கொண்டுபோக இயலாது. "எந்த முகத்தோடு சொன்னார்?" என்று இளையவர் வினவினால், அதற்குரிய விடை தூது போனவரின் கற்பனையாகவே இருக்கும்.

ஆதலால் அப்பெண்மணி, "அண்ணா, அதை நீங்களே சொல்லுங்கள், இலை போட்டாயிற்று, உட்காருங்கள்" என்கிறார். மறுப்பும் சோறும் ஒரே மூச்சில் வரவேண்டும். இடையில் சற்றே தயங்கினாலும் மறுப்பு மட்டுமே நெஞ்சில் தங்கும். மறுநாள் தம்பி வந்தாலும் அதே இலை, அதே விடை. "அண்ணன் என்ன சொன்னார்?" என்பதற்கு "நலமாக இருக்கிறார்" என்பதே போதும்.

நோயும் இறப்பும் விலக்கு. அவற்றை இருவர்க்கும் தம் செய்தியாகவே சொல்வார். ஒருவர் சொல்லியனுப்பியதாக அன்று.

தசலட்சண விழா முடிந்து மன்னிப்புக் கேட்கும் நாளில் இருவரும் அவர் வீட்டு வாயிலில் எதிர்ப்படலாம். அப்போது அவர் காபி கலக்க உள்ளே போய்விடுவது நல்லது.