படிப்பறை இருக்கைக்கு 20 நிமிடம்

மாணவச் செல்வங்களே, தேர்வுகள் முடியும் வரை நம் படிப்பறையில் முன்பதிவு செய்த இருக்கையை 20 நிமிடம் மட்டுமே வைத்திருப்போம். காலை 9 மணிக்குப் பதிந்தவர் 9.20க்குள் வந்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். மேசைமேல் பை இருந்தால் ஆள் வந்ததாகாது. வராவிட்டால், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்கு அந்த இடம்.

10 நிமிடம் என்றால் பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்குக் கஷ்டம். ஒரு மணி நேரம் என்றால் காத்திருப்பவரின் காலைப்பொழுது வாசலிலேயே போய்விடும். 9.30க்கு வருபவர், உட்கார்ந்து படிப்பவரை எழுப்பக் கூடாது. பட்டியலின் கடைசியில் பெயர் எழுதிக்கொள்ளலாம்.

"வந்துகொண்டே இருக்கிறேன்" என்று போன் செய்தாலும் நேரத்தை நீட்ட மாட்டோம். எல்லோரும் போன் செய்வார்களே! "இன்று வரவில்லை" என்று முன்னதாகச் சொல்லுங்கள், அடுத்தவர் 9.20 வரை நிற்காமல் உடனே உட்காரலாம்.