பற்றூரிகையும் பல்லின் கழுத்தும்

பல்லிலே பள்ளம் ஒன்றைக் கண்டவுடன் அதனைச் சூத்தை என்று முடிவு செய்வது பலருடைய வழக்கம். ஆனால், பல்லும் முரசும் சந்திக்கும் இடத்திலே, சிறு கோடரியினாற் கொத்திவிட்டாற் போலக் குறுக்காக விழும் பள்ளம் ஒன்றுண்டு. அதன் அடிப்பாகம் வழவழப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். அதிலே அழுக்குப் படிந்திராது. பல் துலக்கச் சோம்பியவருடைய வாயில் இது அதிகமாகக் காணப்படுவதில்லை. நாள்தோறும் தவறாமல், கையின் முழு வலிமையையும் செலுத்தித் துலக்குபவருடைய வாயிலேயே பெரும்பாலும் காணப்படுகின்றது. துப்புரவு வேண்டிச் செய்யும் செயலே பல்லைத் தேய்ப்பது எவ்வாறு?

பல்லின் அமைப்பை நோக்கினால் விடை புலப்படும். வாயைத் திறந்தவுடன் தெரியும் பகுதியை மிளிரி என்னும் வெண்ணிறப் படை மூடியிருக்கின்றது. மனித உடலில் அதனிலும் கடினமான பொருள் வேறில்லை. எனினும், அப்படை பல் முழுவதையும் மூடுவதில்லை. முரசை நெருங்க நெருங்க அது மெலிந்து, பல்லின் கழுத்தில் முடிந்துவிடுகின்றது. அதற்குக் கீழே உள்ள வேருக்குத் தாளினும் மெல்லிய ஒரு படையே போர்வை. அப்போர்வைக்குள்ளே இருப்பது பன்முதல் என்னும் மஞ்சள் நிறப் பொருள். மிளிரியோடு ஒப்பிடும்போது பன்முதல் மிகவும் மென்மையானது. இயற்கை அதனை முரசுக்குள்ளே மறைத்து வைத்திருக்கும் வரையில் அதற்கு ஆபத்தில்லை. முரசு விலகிய பின்னரே ஆபத்துத் தொடங்குகின்றது.

ஆகவே, இங்கே இரண்டு கேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன. முதலாவது முரசு பின்வாங்குதல். இரண்டாவது வெளிப்பட்ட வேர் தேய்ந்து பள்ளமாதல். இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று எண்ணுவது தவறு. முரசைப் புண்படுத்துவது தூரிகையின் இழை. வேரைத் தேய்ப்பது, பெரும்பாலும், அவ்விழை சுமந்து செல்லும் பற்பொடி அல்லது பற்பசை.

முதலில் இழையை எடுத்துக்கொள்வோம். பன்றி மயிரினாற் செய்யப்பட்ட தூரிகைகளே நெடுங்காலம் வழக்கில் இருந்தன. 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நைலோன் இழைத் தூரிகை விற்பனைக்கு வந்தது. நைலோன் இழையை வேண்டிய பருமனில் இழுத்தெடுக்கலாம். ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள இழையை மென்மையானது என்றும், 0.3 மில்லிமீற்றர் உள்ளதை நடுத்தரமானது என்றும், 0.4 மில்லிமீற்றர் உள்ளதை வன்மையானது என்றும் பொதுவாகக் கொள்வர். இந்த வேறுபாடு கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும். ஆனால், நீளம் ஒன்றாயிருக்க, ஓர் இழையின் விட்டம் இரு மடங்காகுமாயின் அதனை வளைப்பதற்குப் பதினாறு மடங்கு விசை வேண்டும். மெல்லிய இழை முரசிலே பட்டவுடன் வளைந்து கொடுக்கின்றது. தடித்த இழை வளைய மறுத்து, நுனியினாற் குத்துகின்றது. நுனி உருட்டப்படாது வெட்டியபடியே விடப்பட்டிருந்தால் அதன் கூர்மையும் சேர்ந்துகொள்ளும். அவ்விடத்து முரசு இயல்பாகவே மெல்லியதாக இருப்பின், நாள்தோறும் படும் சிறு காயங்களால் அது சிறிது சிறிதாகப் பின்வாங்குகின்றது.

இனி, பற்பொடியின் பங்கு. பெர்லின் நகரிற் பணியாற்றிய அமெரிக்கப் பல் வைத்தியர் மில்லர், பிடுங்கிய பற்களைத் தூரிகையினாலே தேய்த்துச் சோதித்து, முடிவுகளை 1907 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பற்பொடிகளோடு தேய்த்தபோது பல்லின் கழுத்திலே பள்ளங்கள் விழுந்தன. வெறும் நீரோடு தேய்த்தபோது குறிப்பிடத்தக்க தேய்வு ஏற்படவில்லை. பிற்காலச் சோதனைகளும் இதனையே காட்டின. தச்சன் மரத்தைத் தேய்க்கும்போது அராவுவது உப்புத்தாளில் ஒட்டிய மணலேயன்றித் தாள் அன்று. அதுபோலவே, இழை வெறும் சுமைகாரன், அராவுவது பொடி. உமிக்கரி, செங்கற்பொடி, மணல் கலந்த சாம்பல் ஆகியவற்றால் அழுத்தித் தேய்ப்பவரின் பற்கழுத்து விரைவிலே தேய்வதற்குக் காரணம் இதுவே. ஆய்வுகூடச் சோதனைகள் சிலவற்றில், மென்மையான தூரிகையும் தன் நெருங்கிய இழைகளுக்கிடையே பசையை நிறையத் தாங்கி, வன்மையான தூரிகைக்குக் குறையாமற் பன்முதலைத் தேய்த்தது. எனவே, மென்மையான தூரிகையை வாங்கினாற் போதும், பின்னர் எவ்வளவும் அழுத்தலாம் என்று கொள்ளலாகாது.

இவை ஒருவருடைய வாயில் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். நாற்பத்தைந்து வயதான எழுதுவினைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்க. அவர் வலக்கைப் பழக்கமுடையவர். வன்மையான தூரிகையை உள்ளங்கையில் இறுகப் பற்றி, மரம் அறுப்பவரைப் போல, முன்னும் பின்னுமாக நீளத் தேய்க்கின்றார். தூரிகையின் இழைகள் மூன்று கிழமைக்குள் இருபுறமும் சாய்ந்து விரிந்துவிடுகின்றன. ஒருநாள் குளிர்ந்த நீரைக் குடித்தவுடன் இடப்புற மேற்பல்லில் மின்னல் பாய்ந்தாற் போன்ற கூச்சம் உண்டாகின்றது. நகத்தினாற் தடவிப் பார்க்கின்றார்; வேட்டைப்பல்லின் கழுத்திலும், அடுத்துள்ள முன்கடைவாய்ப்பற்களின் கழுத்திலும் நகம் தட்டி நிற்கின்றது. வேட்டைப்பல் மற்றப் பற்களைவிட நீண்டும் தோன்றுகின்றது.

அவ்விடம் ஏன் முதலிற் பாதிக்கப்பட்டது? வேட்டைப்பல் பல்வரிசையின் வளைவிலே வெளியே புடைத்து நிற்பதனால் அதன்மேல் உள்ள முரசும் எலும்பும் மெல்லியவை. வலக்கையாற் துலக்குபவரின் வீச்சு இடப்புறத்தில் மிகுந்த விசையோடு விழுவது வழக்கம். பல் நீண்டதாகத் தோன்றியது அது வளர்ந்ததனாலன்று, முரசு விலகி வேர் வெளிப்பட்டதனாலேயாம். கூச்சத்துக்கும் காரணம் உண்டு. பன்முதலிலே கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் பல உள்ளன. அவற்றிலுள்ள நீர்மம் குளிர் பட்டவுடன் அசைந்து, உள்ளே இருக்கும் நரம்பைத் தூண்டுகின்றது.

இந்நிலையில் அவர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்யக்கூடும். பல்லில் ஏதோ அழுக்கு இருக்கின்றது என்று எண்ணி, அவ்விடத்தைப் பொடியிட்டு மேலும் அழுத்தித் தேய்க்கலாம். அதனாற் பள்ளம் ஆழமாகும். அன்றேல், கூச்சத்துக்கு அஞ்சி அவ்விடத்தைத் துலக்காமலே விடலாம். அப்பொழுது அங்கே அழுக்குப் படிந்து, மிளிரியின் காப்பில்லாத வேரிற் சூத்தை உண்டாகும். தொடர்ந்து துலக்க வேண்டும்; ஆனால் முறையை மாற்ற வேண்டும்.

அம்முறையை வகுத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்து வைத்தியப் பேராசிரியர் சாள்ஸ் பாஸ் என்பவர். அவர் பல் வைத்தியர் அல்லர். மலேரியாக் கிருமியை ஆராய்ந்த அவர், ஓய்வு பெற்ற பின்னர் பல்லின் அழுக்கை நுணுக்குக்காட்டியினால் ஆராய்ந்தார். நுனி உருட்டப்பட்ட மெல்லிய நைலோன் இழைகளைக் கொண்ட தூரிகையே தக்கது என்று 1948 ஆம் ஆண்டில் எழுதினார். அவர் குறித்த இழையின் விட்டம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஏழு பங்கு. முரசின் ஓரத்திலுள்ள சிறு பிளவிலே தங்கும் மென்படலமே நீக்கப்பட வேண்டியது என்பது அவர் கண்டது. அப்படலம் மிருதுவானது. அதை அகற்ற வலிமை வேண்டியதில்லை. இழையின் நுனி அதனைச் சென்றடைய வேண்டும். நீண்ட வீச்சிலே தூரிகை பல்லின் புடைப்புகளையே தொட்டுச் செல்லுகின்றது. ஓரத்துப் பிளவைத் தாண்டிவிடுகின்றது.

எனவே, தூரிகையை எழுதுகோலைப் பிடிப்பதுபோல விரல்களாற் பிடிக்க வேண்டும். இப்பிடியில் மிகுந்த அழுத்தம் கொடுப்பது கடினம். இழைகளின் நுனி, பல்லும் முரசும் சேரும் கோட்டில், வேரை நோக்கிப் பாதி நேர்கோணமாக, அதாவது 45 பாகை சாய்ந்து படவேண்டும். பின்னர், நுனியை இடம்பெயர்க்காமல், ஒரு பல்லின் அகலத்துக்கும் குறைவான சிறு அசைவாக, பத்து முறை அதிரச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று பற்கள் முடிந்ததும் தூரிகையை எடுத்து அடுத்த பற்களில் வைக்க வேண்டும். முன்பற்களின் உட்புறத்துக்குத் தூரிகையை நிமிர்த்திப் பிடித்தல் நன்று. கடிக்கும் மேற்பரப்பிலே மட்டும் முன்னும் பின்னுமாகத் தேய்க்கலாம். அங்கே மிளிரி தடித்தது, முரசும் இல்லை. இவ்வாறு வாய் முழுவதையும் துலக்க இரண்டு நிமிடமாவது செல்லும். புளோரைட்டுச் சேர்ந்த சாதாரணப் பசை கடலைமணி அளவு போதும்.

அழுத்தத்தை அறிவதற்கும் வழியுண்டு. சமையற் தராசிலே தூரிகையை அழுத்திப் பார்த்தால், ஏறத்தாழ 150 கிராம் காட்டும் அளவே போதுமானது. வழக்கம்போல் அழுத்துபவர் பலருக்கு முள் அதனைக் கடந்து செல்லும். தூரிகையும் சாட்சி சொல்லும்: மூன்று மாதத்துக்கு முன்னரே அதன் இழைகள் விரிந்துவிட்டால் கை மிகுதியாக அழுத்துகின்றது.

முரசு பின்வாங்குவதெல்லாம் தூரிகையின் குற்றமன்று. விலகிய முரசு இளஞ்சிவப்பாக, இரத்தம் கசியாது, துப்புரவான பல்லின் வெளிப்புறத்தில் இருந்தால் அழுத்தித் துலக்கியதைச் சந்தேகிக்கலாம். முரசு சிவந்து வீங்கி, தொட்டவுடன் இரத்தம் கசிந்து, பல்லிலே காரை படிந்திருந்தால் அது முரசு நோயின் அடையாளம். பள்ளம் மிருதுவாகவும் கபிலமாகவும் இருந்தாற் சூத்தை எனக் கருத வேண்டும். தேசிக்காய் முதலிய புளிப்பான பொருள்களும் பல்லைச் சற்று நேரம் இளகச் செய்யும். அவற்றை உண்டவுடன் துலக்கினாற் தேய்வு கூடும். கடிக்கும் விசையும் பள்ளம் விழத் துணைபுரியுமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

முறையை மாற்றிய எழுதுவினைஞருக்குக் கிடைப்பது யாது? விலகிய முரசு பெரும்பாலும் தானாக மீளாது. தேய்ந்த பன்முதலும் மீண்டும் வளராது. ஆனால், தேய்வு தடைப்படும். நுண்குழாய்களின் வாய் காலப்போக்கில் அடைபட, கூச்சமும் குறையக்கூடும். பள்ளம் ஆழமாயிருப்பின், பல் வைத்தியர் பல்லின் நிறமுள்ள பொருளால் அதனை நிரப்புவார். அதன் பின்னரும் பழைய வன்மையோடு தேய்த்தால், நிரப்பிய இடத்தின் விளிம்பிலே புதிய பள்ளம் தோன்றும்.