கேப்ஷனுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

இன்ஸ்டாகிராமில் கடைக்கென்று ஒரு கணக்கு வைத்திருப்பவர்கள், ஒரு பதிவு நன்றாகப் போனதா என்று பார்க்க முதலில் தேடும் எண் ரீச். பதிவு எத்தனை கணக்குகளின் கண்ணில் பட்டது என்பதை அது சொல்கிறது. ஒருவரே மூன்று முறை பார்த்தாலும் ரீச்சில் அவர் ஒருவர்தான். மூன்று என்று காட்டுவது வியூஸ் என்ற வேறு எண். ரீச் உயர்ந்தால் கேப்ஷன் நன்றாக அமைந்தது என்றும், தாழ்ந்தால் சரியில்லை என்றும் முடிவு கட்டிவிடுகிறோம். கேப்ஷனுக்கு இப்படி மதிப்பெண் போடுவது தவறு என்பதே இன்று நான் சொல்ல வந்தது. ரீச் என்பது கடைவாசலைக் கடந்துபோனவர்களின் கணக்கு. படம் கண்ணை இழுத்ததா, அது ரீலா புகைப்படமா, எந்த நேரத்தில் போட்டோம், செயலி அன்றைக்கு யாருக்கெல்லாம் காட்டியது என்ற பல காரணங்கள் அதில் கலந்திருக்கின்றன. கேப்ஷனோ, படத்தைப் பார்த்து ஒருவர் நின்ற பிறகுதான் பெரும்பாலும் வேலையைத் தொடங்குகிறது. அதனால் வந்து நின்றவர் அதன்பின் என்ன செய்தார் என்று பார்ப்பதே நியாயம்.

அதைக் காட்டும் எண்கள் இரண்டு: சேவ், ஷேர். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது, ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் மனம் வேறு. சேவ் செய்பவர் ‘இது எனக்குப் பிறகு தேவைப்படும்’ என்று நினைக்கிறார். ஷேர் செய்பவருக்கு வேறொருவர் ஞாபகம் வருகிறது. ‘இதை அக்கா பார்க்க வேண்டுமே’ என்று அனுப்புகிறார். ஆக, ஒரு கேப்ஷன் சேவ் வாங்கவில்லை என்றால் அது தோற்றது என்று பொருளில்லை. அது வேறு வேலை செய்திருக்கலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு சிறிய கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையும் எண்களும் கற்பனை. கணக்குப் போடும் முறை மட்டும் உண்மை. கடைக்காரர் மூன்று புகைப்படப் பதிவுகள் போடுகிறார். முதலாவதில் ‘ஆடித் தள்ளுபடி, சீக்கிரம் வாருங்கள்’ என்ற அறிவிப்பு. இரண்டாவதில் அடர்நிறப் பருத்திச் சேலையை முதல் இரண்டு சலவைக்குத் தனியாக அலச வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும் என்ற பராமரிப்புக் குறிப்பு, கூடவே சேலையின் நீளமும் விலையும். மூன்றாவதில் ‘புது வீடு புகும் மாமியாருக்கு, முதல் வேலைக்குப் போகும் தங்கைக்கு’ என்று பரிசு கொடுக்கும் சந்தர்ப்பங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், தள்ளுபடிப் பதிவின் ரீச் 4,000. சேவ் 12, ஷேர் 20. பராமரிப்புப் பதிவின் ரீச் 1,200 மட்டுமே. சேவ் 36, ஷேர் 6. பரிசுப் பதிவுக்கு ரீச் 1,500. சேவ் 9, ஷேர் 30. ரீச்சை மட்டும் பார்க்கிறவர் தள்ளுபடியைத்தான் மெச்சுவார். ஒவ்வொன்றையும் அதன் ரீச்சால் வகுத்து, ஆயிரம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள். தள்ளுபடிக்கு சேவ் 3, ஷேர் 5. பராமரிப்புக்கு சேவ் 30, ஷேர் 5. பரிசுக்கு சேவ் 6, ஷேர் 20. அதிகம் பேர் பார்த்த பதிவுதான் பார்த்தவர்களிடம் மிகக் குறைவாக வேலை செய்திருக்கிறது. பராமரிப்புக் குறிப்பை மக்கள் தங்களுக்காக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், பரிசுக் கேப்ஷனை அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள்.

உடனே ஒரு கேள்வி எழும். பார்ப்பவர்களே இல்லாமல் சேவ் விகிதத்தை வைத்து என்ன செய்வது? நியாயமான கேள்விதான். ஆனால் ரீச்சும் ஓரளவுக்கு ஷேரிலிருந்தே வளர்கிறது. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி, நம்மைப் பின்தொடராத புதியவர்களிடம் பதிவு போய்ச் சேர்வதற்கு, பார்த்தவர்களில் எத்தனை பேர் அதைப் பிறருக்கு அனுப்பினார்கள் என்பது மிக முக்கியமான குறிகளில் ஒன்று என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அவர்களும் ரீச்சால் வகுத்துத்தான் பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். எனவே ரீச் என்ற மொத்த எண்ணை விட, அதில் பின்தொடராதவர்கள் எவ்வளவு என்று இன்சைட்ஸ் பகுதி காட்டும் பிரிவு கடைக்காரருக்குப் பயன்படும். ஷேர் உயர்ந்த பதிவுகளில் அந்தப் பங்கும் கூடுகிறதா என்று பார்க்கலாம். ‘ஐந்து பேருக்கு அனுப்புங்கள்’ என்று கேப்ஷனில் கெஞ்சி வாங்கும் ஷேரில் எனக்கு உடன்பாடில்லை. அப்படி வந்தவர்கள் கடையின் பக்கத்தைத் திறந்து பார்த்தார்களா என்று பாருங்கள்; ஷேர் ஏறியும் பக்கத்துக்கு வருகிறவர்கள் ஏறவில்லை என்றால் அந்த ஷேரால் கடைக்குப் பயனில்லை.

இதைவிட வலுவான மறுப்பு, சிறு கடையின் எண்கள் மிகச் சிறியவை என்பது. 9 சேவுக்கும் 6 சேவுக்கும் இடையில் என்ன வித்தியாசம்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட எண்ணிக்கைகள் தற்செயலாகவே ஏறத்தாழ தம் வர்க்கமூலத்தின் அளவுக்கு மேலும் கீழும் ஆடும். 9 என்றால் 3 அளவுக்கு ஆட்டம். அதாவது மூன்றில் ஒரு பங்கு. 100 என்றால் ஆட்டம் 10. பத்தில் ஒரு பங்குதான். ஆகவே ஒற்றைப் பதிவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரே பாணிக் கேப்ஷனோடு ஆறு பதிவு, இன்னொரு பாணியோடு ஆறு பதிவு என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஆறின் சேவ்களையும் கூட்டி, ஆறின் ரீச்சையும் கூட்டிப் பிறகு வகுக்க வேண்டும். புகைப்படத்தைப் புகைப்படத்தோடும் ரீலை ரீலோடும் ஒப்பிட வேண்டும். போடும் நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். காசு கட்டி விளம்பரப்படுத்திய பதிவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதன் ரீச் விலைக்கு வாங்கியது. கூட்டிய பிறகும் ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்ள வேண்டும்: ஆறில் ஒன்றே ஒன்று ஓடி மற்ற ஐந்தும் படுத்திருந்தால், வென்றது பாணி அல்ல, அந்த ஒரு படம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சேவ் விற்பனை ஆகாது. யார் சேவ் செய்தார்கள் என்று இன்ஸ்டாகிராம் காட்டுவதில்லை; உங்கள் சேலையின் கட்டத்தைப் பார்த்துப் போட்டிக் கடைக்காரரே எடுத்து வைத்திருக்கலாம். படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் குடும்பக் குழுவில் போடுகிறவர்கள் ஷேர் கணக்கில் வரவே மாட்டார்கள். நம் ஊர்களில் இந்தப் பழக்கம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ஆகவே இந்த எண்கள் எந்தக் கேப்ஷன் மேலானது என்று ஒப்பிட உதவும், கல்லாவைக் கணிக்க உதவாது. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட, போனிலும் வாட்ஸ்அப்பிலும் விசாரிப்பவர்களிடம் எந்தப் பதிவைப் பார்த்து வந்தீர்கள் என்று கேட்டு, அதையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம்.

நீளம், விலை, துவைக்கும் முறை போன்ற உருப்படியான தகவல் உள்ள கேப்ஷன் சேவ் வாங்குவதில் முந்தும் என்பது என் கணிப்பு. ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்று எழுதினால் எடுத்து வைத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? ஆனால் அந்தத் தகவல் முதல் இரண்டு வரியில் தெரிய வேண்டும். மீதியை இன்ஸ்டாகிராம் ‘மோர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் மடித்துவிடுகிறது. ‘அனைவருக்கும் இனிய காலை வணக்கம்’ அந்த இடத்தைத் தின்றுவிட்டால் குறிப்பைப் பலர் பார்க்கவே மாட்டார்கள். என் கணிப்பு உங்கள் கடைக்குப் பொருந்தாமலும் போகலாம். கணக்கு புரொபஷனல் வகைக்கு மாறியிருந்தால் இன்சைட்ஸ் கட்டணமில்லாமலே கிடைக்கும். கடைசியாகப் போட்ட பன்னிரண்டு பதிவுகளைத் திறந்து, கேப்ஷன் பாணி, ரீச், சேவ், ஷேர் என்று நான்கு பத்திகளாக எழுதி, நீங்களே வகுத்துப் பாருங்கள்.