குளியல் நீர் ஃப்ளஷுக்கு: கிளியூர்ப் பக்கம் ஒரு விடுதிக் கணக்கு

ஏற்காட்டில் விடுதி நடத்துறவங்க, புதுசா கட்டப்போறவங்க, இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பேசுகிறேன். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கீழே போய் கிளியூர் அருவியாக விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஓடையை ஒட்டிய சரிவில் இருக்கும் கட்டடம் வெளியே விடும் நீர் எங்கே போய்ச் சேரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் அதே கட்டடம் லாரித் தண்ணீரும் வாங்குகிறது. அதனால் குளியலறை நீரையும் கை கழுவும் தொட்டி நீரையும் சுத்தப்படுத்தி ஃப்ளஷ் டேங்குக்கு எப்படித் திருப்புவது என்று பார்ப்போம். இந்த நீரைத்தான் சாம்பல் நீர் என்கிறோம். கழிப்பறை நீர் இதில் சேராது. சமையலறை நீரையும் சேர்க்காதீங்க, அதில் எண்ணெய் அதிகம்.

20 அறை, 40 படுக்கை உள்ள ஒரு விடுதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு படுக்கைக்கு நாளைக்கு 180 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் அளவு. அதை மட்டும் வைத்துத் தொட்டி கட்டினால் தவறாகிவிடும். உங்கள் விடுதியிலேயே அளந்து பாருங்கள். ஷவரின் கீழே வாளியை வைத்து, கைபேசியில் ஸ்டாப்வாட்ச் போட்டு ஒரு நிமிடம் திறந்து விடுங்கள். 9 லிட்டர் வருகிறது, விருந்தினர் ஆறு நிமிடம் குளிக்கிறார் என்றால் 54 லிட்டர். கை, முகம் கழுவுவதையும் சேர்த்தால் ஆளுக்குச் சுமார் 60 லிட்டர். வீடு நிறைந்த நாளில் 40 பேருக்கு 2,400 லிட்டர் சாம்பல் நீர் கிடைக்கும்.

இனி தேவையைப் பாருங்கள். 6 லிட்டர், 3 லிட்டர் என்று இரண்டு பொத்தான் உள்ள ஃப்ளஷ் டேங்கில் ஒருவர் பெரியதை ஒரு முறையும் சின்னதை நான்கு முறையும் அழுத்தினால் 18 லிட்டர். ஊழியர் பயன்பாடு, கசிவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 25 என்று வைத்தால் 40 பேருக்கு 1,000 லிட்டர்தான். கிடைப்பதில் பாதிகூடத் தேவைப்படவில்லை, பாருங்க. "மிச்சத்தைத் தோட்டத்துக்கு விடலாமே" என்பார்கள். மழைக்காலத்தில் தோட்டம் அதைக் கேட்காது. அதனால் ஃப்ளஷ் தேவையை மட்டும் வைத்து, ஒன்பது அறைகளின் குளியல் குழாயை இணைத்தால் போதும்: 18 பேர், 60 லிட்டர், மொத்தம் 1,080. கூட்டம் குறைந்த நாட்களில் வருகிறவர்களை அந்த ஒன்பது அறைகளுக்கே முதலில் அனுப்புங்கள்.

இப்படிக் குறைத்து எடுக்கச் சொல்வதற்குக் காரணம் சேமிப்பு நேரம். சோப்பும் தோல் அழுக்கும் கலந்த நீர் ஒரு நாளுக்கு மேல் சும்மா நின்றால் அதிலுள்ள காற்று தீர்ந்து, அழுகிய முட்டை வாடை வரும், கிருமியும் பெருகும். ஏற்காட்டில் சனிக்கிழமை எல்லா அறையும் நிரம்பும், செவ்வாய்க்கிழமை ஆறு அறைதான் இருக்கும். அன்றைக்கு 12 பேருக்கு ஃப்ளஷ் தேவை 300 லிட்டர். நீங்கள் 3,000 லிட்டர் தொட்டி வைத்திருந்தால், அந்த நீர் தீரப் பத்து நாள் ஆகும். பெரிய தொட்டி பாதுகாப்பு என்று நினைப்பது நல்ல தண்ணீருக்குச் சரி. இதற்குச் சரிப்படாது.

ஆகவே சுத்திகரிக்காத நீருக்கு 500 லிட்டர் தொட்டி ஒன்று. காலை ஏழு முதல் ஒன்பதுக்குள் நாளின் பாதி நீர் மொத்தமாக வந்துவிடும். அதை வாங்கி வைத்து, மணிக்கு 90 லிட்டர் என்று மெதுவாக விடுவதே அதன் வேலை. சுத்தமான நீருக்கு 500 லிட்டர் தொட்டி இரண்டு. வார நாட்களில் ஒன்றைக் காலி செய்து வால்வை மூடிவிடுங்கள். மற்றதிலும் அன்றைய தேவைக்கு மட்டும் ஏற்றுங்கள்.

இடையில் நடக்கும் சுத்திகரிப்புக்கு மலைச்சரிவு உங்களுக்கு உதவி செய்யும். முதலில் முடி, நூல் பிடிக்கும் வலைத்தட்டு. இதைத் தினமும் கழுவ வேண்டும், விட்டால் எல்லாமே அடைத்துக்கொள்ளும். பிறகு நீர் தானாகவே கீழே உள்ள ஜல்லிப் படுக்கைக்கு இறங்கும். அதில் கல்வாழை நடுங்கள். ஜல்லியில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்கள்தான் அழுக்கைத் தின்கின்றன. ஏற்காட்டுக் குளிரில் அவை மெதுவாக வேலை செய்யும் என்பதால் நீர் அங்கே இரண்டு நாளாவது இருக்க வேண்டும். ஜல்லிக்கிடையே உள்ள இடைவெளி சுமார் 40 சதவீதம். ஆழம் 60 சென்டிமீட்டர் என்றால் இரண்டு மீட்டர் அகலம், நாலரை மீட்டர் நீளம் போதும். தொட்டியில் நிற்பதும் இங்கே இருப்பதும் ஒன்றல்ல. இங்கே நீர் நகர்ந்துகொண்டே சுத்தமாகிறது. படுக்கையின் மேல் நீர் தேங்கி நின்றால் ஜல்லி அடைத்துவிட்டது என்று பொருள்.

படுக்கையிலிருந்து வெளிவருவதில் மிச்சம் உறிஞ்சுகுழிக்குப் போகட்டும். குழி கிணற்றுக்கும் சரிவின் விளிம்புக்கும் தள்ளி இருக்க வேண்டும். மற்றதை மணல் வடிகட்டி வழியாக மேல்தொட்டிக்கு ஏற்றி, 500 லிட்டருக்கு எட்டு ஒன்பது கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைசலாகச் சேர்த்து, அரை மணி கழித்து குளோரோஸ்கோப்பில் பாருங்கள். 0.5 முதல் 1 வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் பவுடர் வீரியம் இழந்திருக்கும், அல்லது நீரில் இன்னும் அழுக்கு இருக்கும்.

இப்போது குழாய். இதைத்தான் நான் ரொம்ப வலியுறுத்துவேன். நம்ம ஊர்க் கழிப்பறையில் ஃப்ளஷ் டேங்குக்கும், பக்கத்தில் தொங்கும் ஹெல்த் ஃபாசெட்டுக்கும் ஒரே டூ வே ஆங்கிள் காக்கிலிருந்து நீர் போகும். பிளம்பருக்குப் பழக்கமான வேலை அது. மறுபயன்பாட்டுக் குழாயை அந்த காக்கில் இணைத்துவிட்டால் விருந்தினர் உடலைக் கழுவுவது சாம்பல் நீரில்! ஒவ்வொரு அறையிலும் இந்த காக்கை எடுத்துவிட்டு, ஃப்ளஷுக்குத் தனி, ஃபாசெட்டுக்குத் தனி என்று போடச் சொல்லுங்கள். மறுபயன்பாட்டுக் குழாய் வேறு நிறத்தில் இருக்கட்டும். பூச்சு பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் கைபேசியில் படம் எடுத்து, அறை எண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் ஒட்டிய பிறகு சோதிக்க ஒரு வழி. நல்ல தண்ணீர் வால்வை முழுதும் மூடி, குழாய்களைத் திறந்து வடியவிடுங்கள். மறுபயன்பாட்டுத் தொட்டியில் உணவுச் சாயம் கலந்து அதன் வால்வைத் திறந்து விடுங்கள். அறை அறையாகப் போய் ஷவர், வாஷ் பேசின், ஹெல்த் ஃபாசெட் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். எதிலாவது நீர் தொடர்ந்து வந்தால், சாயம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், உள்ளே எங்கோ இரண்டும் கலந்திருக்கிறது. பிறகு மாற்றிச் செய்யுங்கள்: மறுபயன்பாட்டை மூடி, நல்ல தண்ணீரைத் திறந்தால் எந்த ஃப்ளஷ் டேங்கும் நிரம்பக் கூடாது. பிளம்பர் கை வைத்த ஒவ்வொரு முறையும் இதை மறுபடி செய்ய வேண்டும்.

சாம்பல் நீர் குறையும் நாளில் மேல்தொட்டியில் நல்ல தண்ணீர் விட வேண்டிவரும். நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாதுங்க. அது ஒருநாள் தூசி சிக்கித் திறந்தே நிற்கும். நல்ல தண்ணீர்க் குழாயின் வாய், தொட்டியின் மேல்விளிம்புக்கும் மேலே, குழாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது உயரத்தில் வெறும் காற்றில் நிற்கட்டும். தொட்டி வழிந்தாலும் நீர் அந்த வாயைத் தொட முடியாது.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெற வேண்டிய விடுதிகள் அதற்கு இணையவழியில் விண்ணப்பிக்கலாம். அறைக் குழாய்ப் படங்களையும் சாயச் சோதனை நடந்த தேதிகளையும் அந்தக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.