அரைமணி நேர ஜாடி

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை ஓட்டும் ஆபரேட்டர்களுக்குக் கையேடு எழுதிக் கொடுப்பது என் வேலை. பலர் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். இயந்திரத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகம் மேனேஜர் அறையில் பூட்டிக் கிடக்கும். அதனால் என் கையேட்டில் பக்கத்துக்கு ஒரு கேள்விதான்: கண்ணுக்கு என்ன தெரிகிறது, அதற்கு என்ன செய்யணும்?

எனக்குப் பிடித்தது ஜாடிப் பக்கம். ஏரேஷன் தொட்டியில் ப்ளோயர் காற்று ஊத, அங்கே வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. அந்தக் கலவை அடுத்த தொட்டிக்குப் போனதும் ஸ்லட்ஜ் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் வழிய வேண்டும். ஒழுங்காகப் படியுமா என்று ஒரு லிட்டர் அளவு ஜாடி முன்கூட்டியே சொல்லிவிடும்.

தினமும் ஒரே நேரத்தில், ஏரேஷன் தொட்டியில் ஒரே இடத்தில், கலவையை மொண்டு ஜாடியை உடனே நிரப்புங்கள். அசைக்காமல், வெயில் படாமல் 30 நிமிடம் வையுங்கள். ஸ்லட்ஜ் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை லாக்புக்கில் எழுதுங்கள். ஒருநாள் எண்ணை வைத்துப் பதற வேண்டாம். நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஒரு நிலையத்தில் ஸ்லட்ஜ் 900 மில்லியைத் தொட்டது. காற்று போதவில்லை என்று ப்ளோயரைக் கூட்டியிருந்தார்கள். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் அந்த ஆபரேட்டர் தம்பியிடம், பாதி கலவை, பாதி தெளிந்த நீர் ஊற்றி இன்னொரு ஜாடி வைக்கச் சொன்னேன். அரைமணியில் 200 மில்லிக்கு இறங்கிவிட்டது. பாதி நீர் சேர்த்ததால் இரட்டிப்பாக்கினால் 400. அப்படியென்றால் ஸ்லட்ஜுக்கு நோயில்லை, நெரிசல். நீர் சேர்த்தும் இறங்காமல் உப்பி நின்றிருந்தால் நூல்போன்ற நுண்ணுயிர் பெருகியதோ என்று சந்தேகப்பட்டு, காற்றையும் உள்ளே வரும் கழிவையும் சோதிக்கணும்.

நெரிசல் எப்படி வந்தது? மழையில் உலர்த்தும் பாத்திகள் நிரம்பி, உபரி ஸ்லட்ஜை எடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். பாத்தியைக் காலி செய்து, தினமும் கொஞ்சமாக வெளியேற்றினோம். ஒரேயடியாக எடுத்தால் தின்ன ஆளில்லாமல் கழிவு அப்படியே வெளியேறும்.

பம்பு, வால்வு, கிரீஸ் பற்றிப் பேச நேரமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: அடைப்பு எடுக்கக் கழிவுத்தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது. தோல் கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும். அளவு கூடினால் நாற்றமே தெரியாது. ஜாடி, லாக்புக், மூடிய தொட்டி, இந்த மூன்றும் உங்கள் ஷிப்டில் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன்.